யார் சேர்ந்தது?

பண்புசார் ஆய்வேடுகளில் ஆய்வுமுறை பற்றிய இயலைப் புரட்டினால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "நேர்காணல்களிலிருந்து நான்கு கருப்பொருள்கள் வெளிப்பட்டன." நெல்லை ஊறப்போட்டால் முளை வெளிப்படும். நேர்காணலில் அப்படி எதுவும் தானாக வெளிவருவதில்லை. ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்து ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியிருக்கிறாள். வரி வரியாகப் படித்து, ஓரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். சில பெயர்களை ஒன்றாகச் சேர்த்தாள், சிலவற்றை அடித்தாள். கடைசியில் மிஞ்சிய நான்குக்குக் கருப்பொருள் என்று பெயரிட்டாள். இத்தனை வேலையையும் செய்தவளை "வெளிப்பட்டன" என்ற ஒரு சொல் அழித்துவிடுகிறது. விர்ஜீனியா பிரான், விக்டோரியா கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரை இந்த முறைக்கு இன்று எல்லோரும் காட்டும் ஆதாரம். அந்தக் கட்டுரையே இந்த வினைச்சொல்லைக் கண்டிக்கிறது. அதை ஆதாரமாகக் காட்டிவிட்டு அடுத்த வரியிலேயே "வெளிப்பட்டன" என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

(தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குக் கருப்பொருள் என்றால் வேறு. ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் என்று நீளும் தொல்காப்பியப் பட்டியல் அது. முதலில் நிற்பது தெய்வம். மதம் பற்றிய ஆய்வில் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஓரத்தில் வைக்கும் அந்தச் சிறிய பெயரைக் குறி என்கிறோம். குறியிடுவது ஒழுக்கம் சார்ந்த கேள்வி என்பது வேறெந்தப் பொருளையும்விட மதம் மாறிய பெண்களின் கதைகளில் கூர்மையாகத் தெரிகிறது. அங்கே நாம் வைக்கும் குறி, யார் செய்தது, யாருக்குச் செய்யப்பட்டது என்று தீர்ப்பு எழுதுகிறது.

வகுப்பில் பயன்படுத்த ஒரு மாதிரிப் பத்தி வைத்திருக்கிறேன். எந்தத் தனி ஒரு பெண்ணும் சொன்னதல்ல. தென்மாவட்டத்துப் பேச்சில், இப்படிப்பட்ட நேர்காணல்களில் வழக்கமாக வரும் செய்திகளைக் கோத்து நானே எழுதியது. உண்மையான எழுத்துப்படியை வகுப்பில் விநியோகிக்கக் கூடாது என்பதற்கான காரணம் கட்டுரையின் கடைசியில் வரும்.

"நாங்க வேதத்துல சேர்ந்தோம், பன்னெண்டு வருசமாச்சு. அப்ப இவுக குடிச்சிட்டு வந்து அடிப்பாக. சின்னவளுக்கு வலிப்பு வரும். பெரியாஸ்பத்திரிக்கும் போனோம், கோடாங்கிகிட்டயும் போனோம். அடுத்த வீட்டு அக்காதான் சபைக்கு வான்னு கூட்டிட்டுப் போனாக. மூணு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல இருந்தேன். ஆண்டவர் என்னைத் தெரிந்துகொண்டார். புள்ளைக்குச் சுகமாச்சு. சபையில பெரியவளுக்கு ஸ்கூல் நோட்டெல்லாம் வாங்கிக் குடுத்தாக. பெறகுதான் ஞானஸ்நானம் எடுத்தேன். இவுகளுக்கு அப்பத் தெரியாது. வீட்டுக்கு வரும்போது மட்டும் பொட்டு வச்சுக்கிடுவேன். ஒரு வருசம் கழிச்சு அதையும் விட்டுட்டேன். சர்ட்டிபிகேட்டுல நாங்க இந்துதான்."

இதைக் கொடுத்துக் குறியிடச் சொன்னால், முதல் சுற்றில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வரும்: குடும்ப வன்முறை, நோய், மூடநம்பிக்கை, தூண்டுதல், அற்புதம், மதமாற்றம். எல்லாம் பெயர்ச்சொற்கள். இவற்றைக் கூட்டினால் கிடைக்கும் கருப்பொருளும் தயாராகவே இருக்கிறது: "நெருக்கடியே மதமாற்றத்துக்குக் காரணம்." இது 1965இல் லோஃப்லாண்ட், ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு சிறு குழுவைக் கவனித்து எழுதிய படிநிலைகளின் முதல் படி. கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட அந்தப் படியைத் தெரிந்தோ தெரியாமலோ இங்கே தூக்கி வருகிறோம். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே கருப்பொருள் இருந்தது.

'மதமாற்றம்' என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். மாறினேன் என்றால் தன்வினை, மாற்றினார்கள் என்றால் பிறவினை. சேர்ந்தேன், சேர்த்தார்கள் என்பதும் அப்படியே. ஆனால் மாற்றம் என்று பெயர்ச்சொல் ஆக்கியவுடன் அது மாறியதா, மாற்றியதா என்பது மறைந்துபோகிறது, எழுவாய் விழுந்துவிடுகிறது. விழுந்த இடத்தில் வாசிப்பவர் தன் விருப்பம்போல ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம். போதகரை நிறுத்தலாம், வெளிநாட்டுப் பணத்தை நிறுத்தலாம், கடவுளையும் நிறுத்தலாம். அந்தப் பெண்ணை நிறுத்துகிறவர்கள் குறைவு.

பத்தியில் அவள் 'மதம்' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை என்பதையும் பாருங்கள். "வேதத்துல சேர்ந்தோம்" என்கிறாள். "நீங்க ஏன் மதம் மாறினீங்க?" என்று கேட்டு நேர்காணலைத் தொடங்கியிருந்தால், அவள் சொல்லாத சொல்லை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் உரையாடலே தொடங்கியிருக்கும்.

இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு விதி தருகிறேன்: ஒவ்வொரு துண்டிலும் வினைச்சொல்லைப் பிடியுங்கள், அதற்கு எழுவாய் யார் என்று எழுதுங்கள், குறியையும் வினையாகவே வையுங்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. வினையால் குறியிடுவதும், பேசுபவரின் சொல்லையே குறியாக வைப்பதும் இந்தத் துறையில் பழகிய வழிகள்தான். தமிழுக்கு அவை இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன. நம் வினைமுற்று எழுவாயைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது.

இப்போது வரிசை மாறுகிறது. பல இடங்களில் தேடிப்பார்த்தல். அக்கா கூட்டிப்போக, கூடப் போதல். மூன்று வெள்ளிக்கிழமை இருந்து பார்த்தல். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் ஞானஸ்நானம் எடுத்தல். வீட்டு வாசலில் பொட்டு வைத்துக்கொள்ளுதல். பொட்டை விடுதல். 'மூடநம்பிக்கை' என்று அலட்சியமாக வைத்த குறி காணாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கும் கோடாங்கிக்கும் சபைக்கும் ஒரே தேடலாகப் போனவள் தெரிகிறாள். எல்லாவற்றையும்விட, "சேர்ந்தோம்" என்று தொடங்கியவள் நடுவில் "எடுத்தேன்" என்று ஒருமைக்கு வந்தது கண்ணில் படுகிறது. அந்த 'ஓம்' விகுதிக்குள் இன்று கணவரும் இருக்கிறார். அன்று அவர் இல்லை. யார் சேர்ந்தது என்று கேட்டால் இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் அவளுடையவை. இதே பத்தியை முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டுப் பிறகு குறியிட்டால், சேர்ந்தோம், எடுத்தேன், விட்டுட்டேன் மூன்றும் ஒரே ஆங்கில வினையாகத் தட்டையாகிவிடும். அதனால் குறியிடுவது தமிழ் எழுத்துப்படியில், மேற்கோளாக எடுக்கும் பகுதிக்கு மட்டும் பிறகு மொழிபெயர்ப்பு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பொட்டை முன்வைத்துப் படித்தால் வேறொரு கருப்பொருள் கிடைக்கிறது: தவணைகளில் மாறுதல். ஒரே நாளில் நடந்த நிகழ்ச்சி அல்ல இது. வீட்டின் பொறுமையை அளந்து அளந்து, ஒவ்வொன்றாக விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நடந்த ஒன்று. ஒரு நேர்காணலை வைத்துக் கருப்பொருள் சொல்ல முடியாது. மற்ற எழுத்துப்படிகளிலும் பூ, தாலி, திருவிழாச் சோறு, குலதெய்வக் கோயிலுக்குத் தரும் வரி என்று இதன் வேறு வடிவங்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிவைத்தவளையும் தேட வேண்டும். அவள் கிடைத்தால் கருப்பொருளின் எல்லை தெரியும்.

சரி, ஸ்கூல் நோட்டு? 'தூண்டுதல்' என்று குறி வைத்தவர்கள் காலவரிசையைக் காரணம் காட்டுவார்கள். நோட்டு முதலில், ஞானஸ்நானம் பிறகு. ஆனால் சபைக்குப் போனது அதற்கும் முன்னால். நோய் வந்தது சின்னவளுக்கு, நோட்டு கிடைத்தது பெரியவளுக்கு. அவள் நோட்டைக் காரணமாகச் சொல்லவில்லை, சபை தன் வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளைபோலப் பார்த்தது என்பதற்குச் சாட்சியாகச் சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியாது. தெரியாதபோது 'நோட்டு வாங்கித் தருதல்' என்று குறியிட்டால் போதும். தூண்டுதல் என்பது குறி அல்ல, குற்றச்சாட்டு.

சட்டப்படியே குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு கைவிடப்பட்டது. பணமாகவோ பொருளாகவோ எந்தப் பரிசு தந்தாலும் அதன்படி ஆசை காட்டுதல். கடவுளின் கோபம் வரும் என்று சொன்னாலே கட்டாயப்படுத்துதல். மதம் மாற்றுதல் என்பதை, ஒருவரை ஒரு மதத்தை விட்டு இன்னொன்றை ஏற்கச் செய்வது என்று அந்தச் சட்டம் விளக்கியது. முழுக்கப் பிறவினை. தண்டனை பொதுவாக மூன்று ஆண்டு வரை, மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு வரை. 1967 ஒரிசா சட்டத்திலேயே இந்த வரிசை இருக்கிறது. இன்று பல மாநிலங்களில் நடப்பில் இருக்கும் சட்டங்களிலும் இருக்கிறது. சிறுவரும் பெண்ணும் தலித்தும் ஒரே வரியில். பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லப்படுவது, இவர்கள் தாமாக மாற முடியாதவர்கள், மாற்றப்படத்தான் முடியும் என்பது. ஆய்வேட்டில் 'தூண்டுதல்' என்ற ஒரு குறியைப் போடும்போது நாம் இந்தச் சட்டத்தின் இலக்கணத்தைக் கடன் வாங்குகிறோம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிட்டோம், கப்பா மதிப்பு நன்றாக வந்தது என்று சொல்வதால் இது சரியாகிவிடாது. இருவரும் அதே செய்தித்தாளைப் படிக்கிறவர்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

பெண்ணியம் பேசும் நமக்கு இதற்கு நேரெதிரான ஒரு சபலம் உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எடுத்தாள், பொட்டை விட்டாள், அடிக்கிறவனை எதிர்த்து ஓர் இடத்தைத் தேடிக்கொண்டாள், ஆகவே கருப்பொருள்: எதிர்ப்பு. மாணவிகள் இதை எழுதும்போது கையெழுத்தே அழகாகிவிடுகிறது. ஆனால் பத்தியில் ஒரு வாக்கியம் குறுக்கே நிற்கிறது: "ஆண்டவர் என்னைத் தெரிந்துகொண்டார்."

இன்றைய பேச்சில் தெரிந்துகொள்வது என்றால் அறிவது. அப்படியே குறியிட்டால் 'கடவுள் தன்னை அறிந்ததாக உணர்தல்' என்று வரும். வேதாகமத் தமிழில் தெரிந்துகொள்ளுதல் என்றால் தேர்ந்தெடுத்தல். பழைய தமிழிலும் தெரிதலுக்கு அந்தப் பொருள் உண்டு. அவள் சொன்னது, ஆண்டவர் தன்னைத் தேர்ந்தெடுத்தார் என்று. கதையின் நடு வாக்கியத்தில் எழுவாய் அவள் இல்லை. அவளே மனமறிந்து எழுவாய் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறாள். இதை 'அவள் தேர்ந்தெடுத்தாள்' என்று நாம் திருத்தினால், சட்டம் செய்வதைத்தான் வேறு நோக்கத்தோடு நாமும் செய்கிறோம். கெய்ரோவின் மசூதிகளில் கூடிப் படித்த பெண்களைப் பற்றி 2005இல் எழுதிய சபா மஹ்மூத், பெண்ணின் செயல்திறன் என்றாலே எதிர்ப்பு என்று படித்துவிடும் நம் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்டார். பணிவதற்காகத் தன்னைப் பயிற்றுவிப்பதும் ஒரு செயல். எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. சபையில் தலையில் முக்காடு, நகை கூடாது, பிரசங்க மேடை பெரும்பாலும் ஆண்களுக்கு என்று புதிய விதிகள் வருவதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அவை என் வாக்கியங்களாக, என் பெயரில், விவாதப் பகுதியில் வர வேண்டும். அவளுடைய கருப்பொருளுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

அந்த வாக்கியம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. சுற்றிலும் "போனாக", "குடுத்தாக" என்று பேசுகிறவள், அங்கே மட்டும் "தெரிந்துகொண்டார்" என்று எழுத்துத்தமிழுக்கு ஏறுகிறாள். இது சாட்சி. பெந்தெகொஸ்தே சபைகளில் எழுந்து நின்று சாட்சி சொல்வது ஒரு வழக்கம். அதற்கு வடிவம் உண்டு: முன்பிருந்த நிலை, துன்பம், ஜெபம், சுகம், நன்றி. வாரக்கணக்கில் மற்றவர்களுடையதைக் கேட்டு, தன்னுடையதைப் பலமுறை சொல்லி மெருகேற்றியிருப்பாள். நாம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தவுடன் அதுதான் வரும். ஸ்நோ, மாசலெக் போன்ற சமூகவியலாளர்கள் 1980களிலேயே இதைச் சொன்னார்கள்: மாறியவரின் கதை மாறிய பிறகான பார்வையிலிருந்து மீண்டும் அடுக்கப்பட்டது, அதை மாறியதற்கான காரணமாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் அது பொய் என்று ஆகாது. சாட்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல் முழுதாக ஒரு குறிக்குள் வைத்து, அதன் வடிவத்தைப் பதிவுசெய்யலாம். பிறகு இன்னொரு நாள் போய்ச் சில்லறைக் கேள்விகள் கேட்கலாம். அன்னைக்கு எந்த பஸ்ல வந்தீங்க? வீட்டுல யாரு சோறு பொங்கினா? அப்போது வேறு விவரங்கள் வரும். சின்னவளுக்கு மாத்திரை இன்றும் கொடுக்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லக்கூடும். சாட்சியில் மாத்திரைக்கு இடமில்லை, வீட்டில் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எது உண்மை என்று கேட்காமல் இருக்கப் பழக வேண்டும்.

இவ்வளவும் ஆய்வுமுறை இயலில் எப்படி வர வேண்டும்? 'வெளிப்பட்டன' என்பதை எடுத்துவிட்டு ஓர் ஆளை உட்கார வைத்தால் இப்படி இருக்கும். இதுவும் மாதிரிதான், எண்கள் கற்பனை:

"பதினெட்டுப் பெண்களோடு பேசினேன். பதினொருவரை ஒரு போதகரின் மனைவி அறிமுகப்படுத்தினார். சபையை விட்டு விலகிய இருவரை மட்டுமே தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. எனவே நிலைத்தவர்களின் கதைகளே இங்கு மிகுதி. நான் கிறித்தவர் அல்ல என்பது பேசியவர்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்துப்படியில் நானே குறியிட்டேன். ஐந்தாவது எழுத்துப்படிக்குப் பிறகு 'தூண்டுதல்', 'மூடநம்பிக்கை' என்ற குறிகளை நீக்கிவிட்டு, முதல் ஐந்தையும் மீண்டும் குறியிட்டேன். காரணம் பின்னிணைப்பில். 'தவணைகளில் மாறுதல்' என்ற பெயர் நான் வைத்தது. அவர்களில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை."

இதை வாசிக்கும் தேர்வாளர் 'அகவயமாக இருக்கிறது' என்று குறிப்பெழுதக்கூடும். எழுதட்டும். போதகரின் மனைவி வழியாகக் கிடைத்த பதினொரு பேர் என்ற தகவலை வைத்து அவர் ஆய்வை எடைபோட முடியும். கருப்பொருள்கள் வெளிப்பட்டன என்பதை வைத்து எதை எடைபோடுவார்?

இன்னும் கடைசி வரி மீதியிருக்கிறது. "சர்ட்டிபிகேட்டுல நாங்க இந்துதான்." ஆய்வாளருக்கு இது தங்கம்: அரசின் தாளில் ஓர் அடையாளம், வெள்ளிக்கிழமையில் இன்னொன்று. ஆனால் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார்கள். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்வந்த ஒரு புதுச்சேரிப் பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்று தீர்ப்பளித்தது. பெரியவளின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் இந்த வரியில் தொங்குகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் ஏறுகின்றன, யாரும் படிக்கலாம். பெயரை மாற்றினால் போதும் என்பது ஊர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் சொல்வது. வலிப்பு வரும் பிள்ளை, குடித்த கணவர், பன்னிரண்டு வருடம், அடுத்த வீட்டு அக்கா: இந்த நான்கும் ஒரே மேற்கோளில் வந்தால் அந்தத் தெருவில் எவருக்கும் பெயர் தேவையில்லை.

ஆகவே அந்த வரிக்குக் குறி உண்டு, மேற்கோள் இல்லை. தாளிலும் வாழ்விலும் வெவ்வேறு அடையாளத்தோடு இருப்பதைப் பலர் பேசினார்கள் என்று பொதுவாக எழுதலாம். யார், எந்தச் சாதி, எந்தச் சபை என்று அதனோடு கட்டக் கூடாது. பின்னிணைப்பில் முழு எழுத்துப்படி கேட்டால் கொடுக்கக் கூடாது. ஆய்வுமுறை இயலில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: பேசியவர்களின் பாதுகாப்புக்காகச் சில பகுதிகளைக் குறியிட்ட பிறகும் மேற்கோள் காட்டவில்லை, அவற்றால் மூன்றாம் கருப்பொருளுக்கான ஆதாரம் இங்கே தெரிவதைவிட அதிகம். அந்த ஆதாரத்தைக் காட்ட முடியாததால் கருப்பொருள் மெலிந்து தெரியும், வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.